டயலிசிஸ் எப்போது தொடங்குவது? திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு பற்றிய வைவாக் கேள்விக்கு முழுமையான வழிகாட்டி

இறுதியாண்டு வைவாவில் இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ. அமிலம், மின்பகுபொருள், நஞ்சு, நீர்த்தேக்கம், யூரேமியா. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் பரீட்சகர் அன்று காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய அடுத்த கேள்வி அநேகமாக இப்படி வரும்: “சரி, இந்த நோயாளிக்கு இதில் எது? இப்பவே தொடங்குவீர்களா, நாளைக்குப் பார்ப்பீர்களா?” பட்டியலை மட்டும் பாடமாக்கியவர்கள் இந்த இடத்தில் மௌனமாகிவிடுவார்கள்.

ஆகவே ஒரு நோயாளியை முழுவதுமாக எடுத்துக்கொள்வோம். வைவா ஆங்கிலத்தில்தான் நடக்கும். பதில் ஓட வேண்டிய ஒழுங்கு மனதில் பதிந்துவிட்டால் எந்த மொழியிலும் அது வரும்.

நோயாளி

முல்லைத்தீவுப் பக்கத்து விவசாயி. வயது 52, எடை 58 கிலோ. பொழுதுபடும் நேரம் வயல் வரம்பில் நடந்துவரும்போது காலில் பாம்பு கடித்திருக்கிறது. அடித்துக் கொண்டுவந்த பாம்பு கண்ணாடி விரியன், ஊரில் புடையன் என்பார்கள். 20 நிமிடக் குருதி உறைதல் சோதனையில் குருதி உறையவில்லை. நச்சுமுறி மருந்து 20 குப்பி ஏற்றினார்கள். இரண்டாம் நாள் குருதி உறையத் தொடங்கிவிட்டது, வீட்டாருக்கும் பெரிய நிம்மதி.

சிறுநீர் மட்டும் வரவில்லை. முதல் 24 மணித்தியாலத்தில் 300 மில்லிலீற்றர், கோலா நிறத்தில். அடுத்த 24 மணித்தியாலத்தில் 120 மில்லிலீற்றர். மூன்றாம் நாள் காலைப் பரிசோதனைகள்: கிரியேற்றினின் 5.4 மில்லிகிராம், குருதி யூரியா 168 மில்லிகிராம் (இரண்டும் ஒரு டெசிலீற்றரில்), பொற்றாசியம் லீற்றருக்கு 6.3 மில்லிமோல், பிஎச் 7.25, பைகாபனேற்று 13. நிமிடத்துக்கு 26 தடவை மூச்சு விடுகிறார். சாதாரணக் காற்றில் ஒட்சிசன் செறிவு 93 சதவீதம். இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் கிறெப்பிற்றேஷன் கேட்கிறது. வந்ததிலிருந்து கணக்கிட்டால் 3.6 லீற்றர் நீர் கூடுதலாக உள்ளே நிற்கிறது.

படி 1: முதல் வாக்கியம்

“டயலிசிஸ் தொடங்குவீர்களா?” என்று கேட்டதும் பட்டியலுக்குப் போகாதீர்கள். இப்படித் தொடங்குங்கள்:

“சேர், உயிருக்கு ஆபத்தான ஒரு சிக்கல் இருந்து, அது மருந்தால் அடங்காவிட்டால், அல்லது அடங்க வாய்ப்பில்லை என்று தெரிந்தால் தொடங்குவேன். கிரியேற்றினின் அளவை மட்டும் வைத்துத் தொடங்க மாட்டேன்.”

மீதிப் பதில் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களின் விரிவுதான். “அடங்க வாய்ப்பில்லை” என்ற துண்டை விட்டுவிடாதீர்கள். அது ஏன் என்பது பொற்றாசியத்துக்கு வரும்போது விளங்கும்.

படி 2: பொற்றாசியம்

பரீட்சகர் அநேகமாக இங்கேதான் அதிக நேரம் நிற்பார், நாமும் நிற்போம்.

“6.3 என்று ஆய்வுகூடம் சொல்கிறது. கூடவே ‘மாதிரியில் செங்குழியங்கள் உடைந்துள்ளன’ என்று குறிப்பும் எழுதியிருக்கிறார்கள். என்ன செய்வீர்கள்?”

வழக்கமான வார்டில் இதற்கு எல்லோரும் சொல்வது, ஊசி குத்தும்போது செங்குழியம் உடைந்து பொற்றாசியம் பொய்யாகக் கூடியிருக்கும், திரும்ப எடுத்து அனுப்புவோம் என்பது. புடையன் கடித்தவரில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. இந்த நஞ்சு குருதிக்குழாய்களுக்குள்ளேயே செங்குழியங்களை உடைக்கக்கூடியது. குழாயில் மேலே நிற்கும் பிளாஸ்மா சிவப்பாக இருப்பது நோயின் அடையாளமாகவே இருக்கலாம். கோலா நிறச் சிறுநீரும் அதே கதையைத்தான் சொல்கிறது. ஆகவே கவனமாக இன்னொரு மாதிரி எடுத்து அனுப்பிவிட்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். இவருடைய ஈசிஜியில் டீ அலைகள் கூர்மையாக உயர்ந்திருந்தன. பீ அலை தட்டையாவதும் கியூஆர்எஸ் அகலமாவதும் அடுத்தடுத்த கட்டங்கள், அதற்குப் பிறகு அதிக நேரம் கிடைக்காது. மறுபக்கமும் ஒன்று உண்டு. ஈசிஜி சாதாரணமாக இருக்கிறது என்பதற்காக உயர்ந்த பொற்றாசியத்தை ஆபத்தில்லை என்று விட்டுவிட முடியாது.

“மருந்து?”

10 சதவீதக் கல்சியம் குளுக்கோனேற்று 10 மில்லிலீற்றர், நாளத்தின் வழியே, ஈசிஜியைப் பார்த்துக்கொண்டே மெதுவாக. 5 முதல் 10 நிமிடத்தில் ஈசிஜி மாறாவிட்டால் திரும்பவும். பிரித்தானிய வழிகாட்டலில் ஒரேயடியாக 30 மில்லிலீற்றர் என்று இருக்கிறது. உங்கள் வார்ட் எதைப் பின்பற்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். அடுத்து கரையும் இன்சுலின் 10 அலகு, 50 சதவீத டெக்ஸ்ரோஸ் 50 மில்லிலீற்றருடன். நெபுலைசரில் சல்பியூற்றமோல் 10 மில்லிகிராமும் சேர்க்கலாம், இதய நோய் இருந்தால் யோசித்துக் கொடுக்க வேண்டும்.

இத்தோடு நிறுத்தினால் பாதிப் பதில்தான். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கல்சியம் சில நிமிடங்களில் வேலை செய்யும், ஆனால் 30 முதல் 60 நிமிடம்தான் நிற்கும். அது பொற்றாசியத்தைக் குறைப்பதில்லை, இதயத் தசையைக் காப்பாற்றி வைக்கிறது. இன்சுலின் 4 முதல் 6 மணித்தியாலம் தாங்கும், அதுவும் பொற்றாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளுகிறதே ஒழிய உடலை விட்டு வெளியேற்றுவதில்லை. துருசு பூட்டிக் கிடக்கும் குளத்தில் தண்ணீரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒதுக்குவது போன்றது அது. சிறுநீர் போகிறவருக்கு இந்த ஒதுக்கல் போதும், மீதியைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும். நாளுக்கு 120 மில்லிலீற்றர் போகிறவருக்கு வழியே இல்லை. மேலாக, செங்குழியங்களும் கடிபட்ட இடத்துத் திசுவும் உடைந்து இன்னும் பொற்றாசியத்தைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன.

இவரில் நடந்ததும் அதுதான். இன்சுலின் கொடுத்து இரண்டு மணித்தியாலத்தில் 5.7. ஆறாவது மணித்தியாலத்தில் 6.5.

“மருந்துக்கு அடங்காத பொற்றாசியம் என்றால் என்ன?” என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டாம். 6.5 என்பது ஒரு வழக்கமான அடையாளக் கல். ஆனால் மருந்து கொடுத்தும் குறையாதது, குறைந்து திரும்ப ஏறுவது, ஈசிஜி மாற்றத்தோடு இருந்து சிறுநீரும் இல்லாதது ஆகிய மூன்றையும் அடங்காதது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வகையில் இன்சுலின் இரண்டாம் முறையும் தோற்கட்டும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. முதல் வாக்கியத்தில் “அடங்க வாய்ப்பில்லை” என்று சொன்னது இவரைப் போன்றவர்களுக்காகத்தான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. இன்சுலினைச் சிறுநீரகமும் அகற்றுகிறது. சிறுநீரகம் நின்றவரில் அது நீண்ட நேரம் தங்கி, மூன்று நான்கு மணித்தியாலம் கழித்துக்கூட சீனியைக் கீழே இறக்கலாம். 6 மணித்தியாலம் வரையாவது குருதிச் சீனியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பரீட்சகர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொன்னால் அவர் தலையாட்டுவார்.

படி 3: நீர்த்தேக்கம்

3.6 லீற்றர் கூடுதல், மூச்சு 26, ஒட்சிசன் 93. நுரையீரலில் நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. பியூறோஸமைட் 80 மில்லிகிராம் நாளத்தில், பயனில்லை என்றால் ஒரு தடவை இரட்டிப்பாக்கலாம். அதற்கும் சிறுநீர் வராவிட்டால் அந்த வழி அடைபட்டது. மேலும் மேலும் ஏற்றுவதால் காதுதான் பாதிக்கப்படும்.

இங்கே கேட்கக்கூடிய நல்ல கேள்வி: “வீக்கம் இருந்தாலே டயலிசிஸா?” இல்லை. கால் வீங்கியிருப்பதற்காக யாரையும் இயந்திரத்தில் போடுவதில்லை. நீர் மூச்சைப் பாதிக்க வேண்டும், சிறுநீர் மருந்துக்கும் அசையாமல் இருக்க வேண்டும். இவரில் இரண்டும் இருக்கின்றன. இயந்திரம் தயாராகும் வரை நிமிர்த்தி உட்காரவைத்து ஒட்சிசன் கொடுத்து, குருதியமுக்கம் இடம் கொடுத்தால் நைற்றிரேற்றும் தொடங்கலாம். நாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சேலைனை நிறுத்தியாகிவிட்டதா என்றும் ஒருமுறை பாருங்கள். மூன்றாம் நாளும் அது யார் கண்ணிலும் படாமல் ஓடிக்கொண்டிருப்பது புதுமையில்லை.

படி 4: அமிலம்

பிஎச் 7.25, பைகாபனேற்று 13. இது மட்டும் இருந்திருந்தால் டயலிசிஸுக்குப் போக மாட்டேன் என்று தைரியமாகச் சொல்லலாம். பெரிய ஆய்வுகளில் எல்லைக்கோடு 7.15 அல்லது 7.20 பக்கம்தான் இருந்தது. நீர் குறைந்திருக்கும் ஒருவருக்குச் சோடியம் பைகாபனேற்று கொடுத்துப் பார்க்கலாம். இவருக்கு அது பொருந்தாது, ஏனெனில் அதோடு போகும் சோடியமும் நீரும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் நுரையீரலில்தான் போய் நிற்கும். மருந்து இருக்கிறது, ஆனால் இவருக்குக் கொடுக்க முடியாது. இதுவும் “அடங்க வாய்ப்பில்லை” என்பதில் சேர்ந்ததே.

படி 5: யூரேமியா, அதில் இருக்கும் பொறி

பெரிகார்டியத்தில் உராய்வுச் சத்தம், கைகள் படபடத்தல், குழப்பம், வலிப்பு, வேறு காரணம் சொல்ல முடியாத குருதிக்கசிவு. இவற்றில் ஒன்று யூரேமியாவால் வந்தது என்று உறுதியானால் யூரியா எத்தனை என்று பார்க்காமலே தொடங்கலாம்.

பொறி இங்கே இருக்கிறது. “நோயாளி தூங்கி வழிகிறார், யூரேமியா என்கிறீர்களா?” புடையன் கடித்தவரில் அவசரப்பட்டு ஆம் என்று சொல்லாதீர்கள். இலங்கைப் புடையனின் நஞ்சு நரம்பையும் பாதிக்கும். இமை இரண்டும் கீழே விழுந்திருக்கும், பார்த்தால் தூங்குவதுபோல் இருக்கும். “ஐயா, பேர் என்ன? எந்த ஊர்?” என்று கேட்டால் தெளிவாகப் பதில் வரும். இமையை விரலால் தூக்கிவிட்டால் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அது மூளை மயக்கம் இல்லை. அதே ஆள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உண்மையிலேயே மயங்கிக் கிடந்தால், குருதி உறையாமல் இருந்தவர் என்பதால் மூளைக்குள் குருதிக்கசிவை முதலில் நினைத்து சீற்றி ஸ்கான் கேட்க வேண்டும். யூரேமியா என்று முத்திரை குத்துவது அதற்குப் பிறகுதான்.

படி 6: நஞ்சு

மெதனோல், எதிலீன் கிளைக்கோல், லிதியம், சலிசிலேற்று. இந்த நான்கையும் சொன்னால் போதும். வடக்கில் படித்தவரிடம் கூடுதலாக ஒன்று கேட்கலாம்: “அலரிக்கொட்டை சாப்பிட்டவருக்குப் பொற்றாசியம் 6.5. டயலிசிஸ் நஞ்சை எடுக்குமா?” எடுக்காது. அந்தக் கிளைக்கோசைட் திசுக்களுக்குள் பரவிப் போய்விடும், குருதியைச் சுத்தம் செய்து அதைப் பிடிக்க முடியாது. அங்கே வேலை செய்வது எதிர்ப்புடலும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் கரியும்.

படி 7: “கிரியேற்றினின் 5.4 ஆச்சே, ஏன் அதைப் பற்றிப் பேசவே இல்லை?”

இந்தக் கேள்விக்குத்தான் ஆய்வுகள் தேவைப்படும். இரண்டைச் சொன்னால் போதும்.

பிரான்ஸில் நடந்து 2016 இல் வெளிவந்த அக்கிக்கி ஆய்வில் 620 பேர். மிக மோசமான சிறுநீரகப் பாதிப்புடன் தீவிர சிகிச்சையில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உடனே டயலிசிஸ் தொடங்கினார்கள், மற்றப் பகுதிக்குத் தெளிவான காரணம் வரும்வரை காத்திருந்தார்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. காத்திருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு டயலிசிஸ் தேவைப்படவே இல்லை. 2020 இல் வந்த ஸ்டார்ட் ஏகேஐ ஆய்வு இன்னும் பெரியது, ஏறக்குறைய 3000 பேர். 90 நாளில் இறப்பு முந்தித் தொடங்கியவர்களில் 43.9 சதவீதம், காத்திருந்தவர்களில் 43.7. முந்தித் தொடங்கியவர்களில் உயிர் தப்பியவர்கள் 90 நாளுக்குப் பிறகும் டயலிசிஸில் தங்கியிருந்த விகிதம் 10.4 சதவீதம், மற்றவர்களில் 6.0. முந்திப் போடுவது இலவசமாக வரும் நன்மை இல்லை என்று இதைக் காட்டியே சொல்லலாம்.

“அப்படியென்றால் எவ்வளவு நாளும் காத்திருக்கலாமா?” என்று கெட்டிக்காரப் பரீட்சகர் திருப்பிக் கேட்பார். முடியாது. 2021 இல் வந்த இரண்டாவது அக்கிக்கி ஆய்வு இன்னும் தள்ளிப்போட்டுப் பார்த்தது. நன்மை வரவில்லை, தீங்கு வரலாம் என்ற சாயல்தான் தெரிந்தது. வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டாலும் சிறுநீர் குறைந்து 72 மணித்தியாலம் கடந்தாலோ, யூரியா நைதரசன் டெசிலீற்றருக்கு 112 மில்லிகிராமைத் தாண்டினாலோ தொடங்கலாம் என்பது அங்கிருந்து கிடைக்கும் நியாயமான எல்லை.

அந்த 112 ஐ நம் ஆய்வுகூட அறிக்கையோடு அப்படியே ஒப்பிட்டுவிடாதீர்கள். ஆய்வில் உள்ளது யூரியா நைதரசன். நம்மவர்கள் பெரும்பாலும் அனுப்புவது குருதி யூரியா. நைதரசனை 2.14 ஆல் பெருக்கினால் யூரியா வரும், ஆகவே 112 என்பது நம் அறிக்கையில் 240. நம்முடைய நோயாளியின் 168 ஐ 2.14 ஆல் வகுத்தால் 78 தான், எல்லைக்கு எவ்வளவோ கீழே. யூரியா 168 ஐப் பார்த்து “112 ஐத் தாண்டிவிட்டது சேர்” என்று சொன்னால், மீதிப் பதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் பரீட்சகர் அதையே பிடித்துக்கொள்வார்.

படி 8: வன்னியில் இருந்து பார்த்தால்

மேலே உள்ள ஆய்வுகள் எல்லாம் இயந்திரம் பக்கத்து அறையில் நிற்கும் இடங்களில் நடந்தவை. காரணம் வந்ததும் சில மணித்தியாலத்தில் தொடங்கிவிடலாம் என்ற உறுதியோடுதான் அங்கே காத்திருந்தார்கள். டயலிசிஸ் வசதி இல்லாத ஒரு ஆஸ்பத்திரியில் எச்.ஓ. ஆக நிற்கும் உங்களுக்கு அந்த உறுதி இல்லை. முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் வந்து, ஏ9 வீதியில் ஏறி, வவுனியாவோ யாழ்ப்பாணமோ போய்ச் சேர எவ்வளவு நேரம் என்று பாருங்கள். கல்சியம் தாங்குவது அதிகம் போனால் ஒரு மணித்தியாலம். அதற்கு முன் அம்புலன்ஸ் வர வேண்டும், அங்கே கட்டில் இருக்க வேண்டும், வடிகுழாய் போட வேண்டும்.

ஆகவே பரீட்சகர் “நீங்கள் புற ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள்” என்று கேள்வியை மாற்றினால் பதிலும் மாற வேண்டும். டயலிசிஸ் தொடங்கும் எல்லை அதேதான், தொலைபேசி எடுக்கும் எல்லை அதைவிட மிக முந்தியது. என் கணக்கில் இவருக்கு அழைப்பு போயிருக்க வேண்டியது மூன்றாம் நாள் 6.3 வந்தபோது இல்லை, முதல் நாள் முடிவில், 24 மணித்தியாலத்துக்கு 300 மில்லிலீற்றர் என்று எழுதியபோது. 58 கிலோக்காரருக்கு மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 0.3 மில்லிலீற்றர் வீதம் கணக்கிட்டால் நாளுக்கு 418 வரும். அதற்குக் கீழே போய்விட்டால் சிறுநீரகப் பாதிப்பின் மிக மோசமான மூன்றாம் கட்டம் என்று அர்த்தம்.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. உடலில் நீர் குறைவு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, பியூறோஸமைட் கிலோவுக்கு 1 மில்லிகிராம் நாளத்தில் கொடுங்கள். முந்தைய ஒரு வாரத்தில் அந்த மருந்து கொடுக்கப்பட்டிருந்தால் 1.5. சிறுநீர்ப் பையை மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டு மணித்தியாலத்தில் 200 மில்லிலீற்றருக்குக் குறைவாக வந்தால் அந்தச் சிறுநீரகம் இன்னும் கீழே போகவே வாய்ப்பு அதிகம். ஆய்வுகூடமும் தேவையில்லை, இரவு 2 மணிக்கும் செய்யலாம். அந்த எண்ணோடு பேசினால் மறுமுனையில் இருப்பவருக்கும் முடிவெடுக்கச் சுலபம்.

அனுப்பும்போது கல்சியம் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவைக்குரியதைக் கையில் கொடுத்து, மொனிற்றரோடும் சீனி பார்க்கும் கருவியோடும் ஒரு வைத்தியரோ அனுபவமுள்ள தாதியோ கூடப் போக வேண்டும். பாதை வெள்ளத்தில் அடைபட்டு அனுப்பவே முடியாத நிலையில் வயிற்று உறை வழியான டயலிசிஸ் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழிதான். பொற்றாசியத்தை இறக்க அதற்குக் கூடுதல் நேரம் எடுக்கும், வடிகுழாய் போடத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.

படி 9: “சரி, தொடங்குங்கள். முதல் தடவை எப்படி எழுதுவீர்கள்?”

வடிகுழாய் தொடை நாளத்தில், அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடுவேன். இரண்டு நாளுக்கு முன் குருதி உறையாமல் இருந்தவர், தொடையில் கசிந்தால் அழுத்திப் பிடிக்கலாம். காறை எலும்புக்குக் கீழே கைவைக்க மாட்டேன். ஹெபரின் இல்லாமல் ஓட்டுவேன். முதல் தடவை இரண்டு மணித்தியாலம், குருதி ஓட்டம் நிமிடத்துக்கு 200 மில்லிலீற்றர் அளவில். யூரியாவை ஒரேயடியாக இறக்கினால் மூளை வீங்கி, தலையிடி, வாந்தி, வலிப்பு வரும். பொற்றாசியம் முதல் மணித்தியாலத்திலேயே ஏறக்குறைய 1 மில்லிமோல் இறங்கிவிடும், அதற்கு நீண்ட அமர்வு தேவையில்லை. ஆனால் முடிந்த கையோடு பார்க்கும் எண்ணை நம்பக் கூடாது, கலங்களுக்குள் இருப்பது வெளியே வந்து சில மணித்தியாலத்தில் திரும்ப ஏறும். ஆறு மணித்தியாலம் கழித்து மறுபடி பார்த்து, அடுத்த நாள் மீண்டும் ஒரு அமர்வு.

“எப்போது நிறுத்துவீர்கள்?”

சிறுநீர் மருந்து இல்லாமலே நாளுக்கு ஏறக்குறைய 500 மில்லிலீற்றரைத் தாண்டத் தொடங்கினால் அடுத்த அமர்வைத் தள்ளிவைத்துப் பார்ப்பேன். அமர்வு இல்லாத நாளிலும் கிரியேற்றினின் தானாக இறங்கினால் நிறுத்துவேன், வடிகுழாயையும் அன்றே எடுத்துவிடுவேன். மூன்று மாதம் கழித்துக் கிரியேற்றினின், சிறுநீரில் புரதம், குருதியமுக்கம் மூன்றையும் பார்க்க கிளினிக் திகதி கொடுத்து அனுப்புவேன், ஏனெனில் புடையன் கடித்த எல்லோருடைய சிறுநீரகமும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.